இரண்டு டேப்பில் திறந்த லாட், ஆள் மாறிப்போன 3,840 கிலோ

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு நான் எழுதிக்கொடுத்த சின்ன கணக்குச் செயலி இது. பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும்தான், பெரிய கட்டமைப்பு எதுவும் கிடையாது. லாரி வந்ததும் லாட் எண் போடுவது, எடை ஏற்றுவது, கழிவு பிடிப்பது, ரேட் போட்டு விவசாயிக்குப் பில் அடிப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. ஏப்ரல், மே முழுக்க ஒரு குறையும் வரவில்லை. ஜூனில் பெங்களூரா வரத்து தொடங்கி, வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில்தான் குழப்பம் வந்தது.

மண்டிக்கார அண்ணன் போன் போட்டார். "தம்பி, சந்தூர்க்காரர் பில்லுல பர்கூர்க்காரர் பேரு வந்திருக்கு. எடை சரியா இருக்கு, ரேட்டு சரியா இருக்கு, பேரு மட்டும் வேற. நீ வந்து பாரு."

நல்லவேளை, அந்த விவசாயி பில்லைக் கையில் வாங்கியதும் தொகையை மட்டும் பார்க்காமல் பெயரையும் படித்தார். லாட் 212 அவருடையது, நிகர எடை 3,840 கிலோ, கிலோ 11 ரூபாய் என்றால் கழிவும் கூலியும் பிடிப்பதற்கு முன் 42,240 ரூபாய். லாட் 213 பர்கூர்க்காரருடையது, 1,910 கிலோ, 21,010 ரூபாய். நான் போய் டேபிளைத் திறந்து பார்த்தபோது 212-இல் எடையும் இல்லை, ரேட்டும் இல்லை, வெறுமையாக இருந்தது. 213-இல் 3,840 கிலோ உட்கார்ந்திருந்தது. 1,910 என்ற எண் எங்குமே இல்லை. ஆனால் பர்கூர்க்காரர் அரை மணி நேரத்துக்கு முன்னால் 21,010 ரூபாய்க்குச் சரியான பில்லோடு கிளம்பிப் போயிருந்தார், பில்லின் நகல் கட்டில் இருந்தது. அப்படியென்றால் 213 ஒரு தடவை சரியாகச் சேமிக்கப்பட்டு, பிறகு அதன் மேலேயே 212-இன் விவரம் எழுதப்பட்டிருக்கிறது.

கணக்குப்பிள்ளை அண்ணனிடம் தவறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் என்னென்ன செய்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். 212-ஐத் திறந்து எடையைத் தட்டிக்கொண்டிருந்தார். ரேட் போடுவதற்குள் சந்தூர்க்காரருக்கும் அண்ணனுக்கும் ரேட் பேச்சு நீண்டது. அதற்குள் பர்கூர்க்காரர், வண்டியைத் திருப்பி அனுப்பணும், எனக்கு முதலில் பில் போடுங்கள் என்றார். 212 பாதியில் நிற்கிறதே என்று இவர் அந்தப் பக்கத்தை மூடாமல், லாட் பட்டியலில் 213 மேல் வலது கிளிக் செய்து புது டேப்பில் திறந்து, அதை முடித்து, பில் அடித்து, அவரை அனுப்பிவிட்டு, பழைய டேப்புக்குத் திரும்பி 212-ஐ முடித்தார். யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள். டேப் இருப்பதே அதற்குத்தான்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது, ஆனாலும் ஊகத்தில் திருத்தக்கூடாது என்று ஒவ்வொரு பக்கத்திலும், லாட் எண்ணை எடுத்த உடனே, ஒரு வரியைச் சேர்த்தேன்:

```php
error_log(substr(session_id(), 0, 6) . ' '
  . $_SERVER['REQUEST_URI'] . ' lot=' . ($_SESSION['lot_id'] ?? '-'));
```

அப்புறம் சோதனைக்கு என்று இரண்டு லாட் உருவாக்கி, அவர் செய்த அதே வரிசையில் செய்தேன். முதல் டேப்பில் 901, இரண்டாவது டேப்பில் 902, இரண்டாவதில் சேமிப்பு, பிறகு முதலாவதில் சேமிப்பு. பதிவில் வந்தது இது:

```
a81f3c /edit.php?id=901 lot=901
a81f3c /edit.php?id=902 lot=902
a81f3c /save.php lot=902
a81f3c /save.php lot=902
```

கடைசி வரியைப் பாருங்கள். நான் கிளிக் செய்தது 901 திறந்திருந்த டேப்பில். சர்வர் அதை 902 என்று எடுத்துக்கொண்டது. இடது ஓரத்தில் இருக்கும் `a81f3c` நான்கு வரியிலும் ஒன்றேதான், அதாவது இரண்டு டேப்புக்கும் ஒரே செஷன். காரணம் நான் எழுதிய இந்த இரண்டு வரிகள்:

```php
// edit.php
$_SESSION['lot_id'] = (int) $_GET['id'];

// save.php
$id = $_SESSION['lot_id'];
```

திருத்தும் பக்கத்தைத் திறக்கும்போது லாட் எண்ணை செஷனில் போட்டுவிட்டு, சேமிக்கும்போது அதை அங்கிருந்து எடுத்துக்கொள்வது. எழுதும்போது இது சுத்தமாகத் தெரிந்தது. எண் படிவத்தில் இல்லை, அதனால் யாரும் மாற்றி அனுப்ப முடியாது என்று நினைத்தேன். ஒரு டேப்பில் வேலை செய்யும்வரை இது சரியாகவும் ஓடும், சோதனையில் மாட்டவே மாட்டாது, ஏனென்றால் நாம் சோதிப்பது எப்போதும் ஒரு டேப்பில்.

இங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சர்வருக்கு டேப் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. நாம் லாகின் செய்ததும் சர்வர் ஒரு நீளமான எண்ணைக் குக்கியாகப் பிரவுசரிடம் கொடுக்கிறது, பிஎச்பியில் அதன் பெயர் `PHPSESSID`. மண்டியில் லாரிக்காரருக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த டோக்கனை டேப் வைத்துக்கொள்வதில்லை, பிரவுசர் வைத்துக்கொள்கிறது. அதே தளத்துக்கு எந்த டேப்பிலிருந்து கேட்டாலும், பிரவுசர் அதே டோக்கனை எடுத்து நீட்டும். சர்வர் பக்கத்தில் அந்த டோக்கனுக்கு ஒரே ஒரு கோப்பு, என் சர்வரில் `/var/lib/php/sessions` அடைவில் `sess_` என்று தொடங்கும் பெயரில் கிடக்கிறது. `$_SESSION` என்று எழுதுவதெல்லாம் அந்த ஒரு கோப்பில்தான் போய் விழும். அதில் `lot_id` என்ற பெயரில் ஒரு பெட்டி, அதில் ஒரு எண்தான் இருக்கும். இரண்டாவது டேப் 902 என்று எழுதியதும் 901 போய்விட்டது. முதல் டேப்பின் திரையில் மட்டும் இன்னும் 901 என்று தெரிந்துகொண்டிருக்கிறது, அது சர்வர் எப்போதோ அனுப்பிய படம், அவ்வளவுதான்.

குக்கியை 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி கொண்டுவந்தபோது டேப் வைத்த பிரவுசர் பரவலாக இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே டேப் வந்தது 2006-இல், ஏழாவது பதிப்பில்தான். குக்கியை டேப்புக்கு ஒன்றாகப் பிரிக்கும் எண்ணம் அந்த அமைப்பில் இல்லை, இன்றும் இல்லை.

திருத்தம் சின்னதுதான். எந்த லாட் என்பதை செஷனிலிருந்து எடுத்துவிட்டு, அந்தந்தப் படிவத்துக்குள்ளேயே வைத்தேன்:

```php
<input type="hidden" name="lot_id" value="<?= (int) $lot['id'] ?>">
```

சேமிக்கும் பக்கம் இப்போது `$_POST['lot_id']` பார்க்கிறது. பில் அச்சிடும் பக்கமும் `bill.php?id=212` என்று முகவரியிலேயே எண்ணைச் சுமக்கிறது, முன்பு அதுவும் செஷனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால்தான் பர்கூர்க்காரர் பெயரோடு பில் வந்தது. படிவத்தில் எண் வெளிப்படையாக இருப்பதால் யாரும் மாற்றி அனுப்பலாம் என்ற பழைய பயத்துக்கு மருந்து மறைத்து வைப்பது அல்ல, வந்த எண்ணுக்கு இந்த ஆள் கைவைக்கலாமா என்று சேமிக்கும் இடத்தில் சரிபார்ப்பது. அந்தச் சோதனையையும் சேர்த்தேன்.

`sessionStorage` என்று ஒன்று இருக்கிறதே, அது டேப்புக்குத் தனிதானே, அதில் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தனிதான். ஆனால் டேப்பை அப்படியே நகலெடுத்தால், க்ரோமில் வலது கிளிக்கில் நகலெடுக்கும் வசதி இருக்கிறதே அதில், உள்ளே இருப்பதும் சேர்ந்து நகலாகிவிடும். அதோடு அது பிரவுசருக்குள்ளேயே இருப்பது, சர்வருக்குத் தானாகப் போகாது. படிவத்தில் ஒரு வரி போதும் என்னும்போது அதற்குள் போகவில்லை.

மொத்த நிரலையும் `$_SESSION` என்று தேடிப் பார்த்ததில் இதே மாதிரி இன்னும் மூன்று இடங்கள் இருந்தன: தேர்ந்தெடுத்த தேதி, தேர்ந்தெடுத்த விவசாயி, பட்டியலின் வடிகட்டி. வடிகட்டியை மட்டும் அப்படியே விட்டேன், அது கலந்தால் பட்டியல் மாறித் தெரியும், பணம் மாறாது. மற்ற இரண்டையும் முகவரிக்கு மாற்றினேன்.

இது முடிந்தது என்று நினைத்த மறுநாளே அடுத்தது வந்தது, இது கொஞ்சம் நுணுக்கமானது. ஒவ்வொரு லாட்டிலும் யார் ரேட் போட்டார்கள் என்று பதிவாகும். அதில் கணக்குப்பிள்ளை போட்ட ஐந்தாறு லாட்டுகள் அண்ணன் பெயரில் இருந்தன. அண்ணன் அந்த நேரத்தில் காவேரிப்பட்டணம் போயிருந்தார்.

நடந்தது இது. ஒரு நிலைக்கு மேல் ரேட் போட அண்ணனின் ஒப்புதல் வேண்டும். அவர் கிளம்புமுன், கணக்குப்பிள்ளையின் கணினியிலேயே ஒரு புது டேப் திறந்து, அங்கே லாக் அவுட் செய்து, தன் பெயரில் லாகின் செய்து, ஒப்புதல் கொடுத்துவிட்டு அந்த டேப்பை மூடிவிட்டுப் போனார். டேப்பை மூடினால் லாக் அவுட் ஆகாது, டோக்கன் பிரவுசரிடம் அப்படியே இருக்கிறது. அவர் லாகின் செய்த அந்த நொடியில் மற்ற டேப்புகளும் அண்ணன் ஆகிவிட்டன. கணக்குப்பிள்ளையின் டேப்பில் மேலே இன்னும் அவர் பெயர்தான் தெரிகிறது, பக்கத்தைப் புதுப்பிக்கும்வரை தெரியும், ஆனால் சேமிக்க அழுத்தினால் அண்ணனாகச் சேமிக்கும். எடை மாறியதைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்தியது. நாளைக்கு ஒரு ரேட் தகராறு வந்தால் செயலி பொய் சாட்சி சொல்லும்.

இதற்குப் படிவம் உருவான நேரத்தில் யார் உள்ளே இருந்தாரோ அவருடைய எண்ணையும் மறைவாகப் படிவத்தில் வைத்தேன். சேமிக்கும்போது அதுவும் செஷனில் இருக்கும் ஆளும் ஒன்றா என்று பார்க்கிறது. இல்லையென்றால் சேமிக்காமல் நின்று, "இந்தப் பக்கம் திறந்தபோது வேறு ஒருவர் உள்ளே இருந்தார், இப்போது உள்ளே இருப்பவர் இன்னார்" என்று காட்டுகிறது. தட்டிய எண்களை அந்தப் பக்கத்திலேயே திரும்பக் காட்டும்படி செய்தேன், ஏனென்றால் ஒரு தடவை தட்டியது போய்விட்டால் அப்புறம் யாரும் எந்தச் செயலியையும் நம்ப மாட்டார்கள். இது தவறைப் பிடிப்பதற்கான காவல் மட்டும்தான், ஆள் யார் என்பதை எப்போதும் செஷன்தான் முடிவு செய்ய வேண்டும், படிவத்தில் வந்த எண்ணை நம்பி ஒருவரை அண்ணன் என்று ஏற்றுக்கொள்ளக்கூடாது.

அண்ணனுக்கு அந்தக் கணினியில் க்ரோமில் தனி ப்ரொஃபைல் போட்டுக்கொடுத்தேன், வேறு நிறத்தில். ப்ரொஃபைல் வேறு என்றால் குக்கிப் பெட்டியே வேறு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம், ஒருவர் டோக்கன் மற்றவருக்குத் தெரியாது.

இதை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் சொன்னபோது, அவர் எனக்கு ஒன்று காட்டினார். விண்ணப்பக் காலத்தில் நேரம் மிச்சம் பிடிக்க, ஒரே தளத்தில் இரண்டு பேரின் விண்ணப்பத்தை இரண்டு டேப்பில் ஓட்டுவார்கள். இரண்டாவது ஆளுக்கு லாகின் செய்ததும் முதல் டேப்பில் அடுத்த பக்கம் இரண்டாவது ஆளின் பெயரோடு வரும், சில சமயம் போட்டோ ஒருவருடையதும் முகவரி மற்றவருடையதுமாகப் போய் நிற்கும். தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவர் இன்கக்னிட்டோவில் திறப்பாராம். ஒருவரைச் சாதாரண சன்னலிலும் இன்னொருவரை இன்கக்னிட்டோவிலும் திறந்தால் சரிதான். ஆனால் மூன்றாவது ஆளுக்கு இன்னொரு இன்கக்னிட்டோ சன்னல் திறந்தால் பழையபடி கலந்துவிடும், ஏனென்றால் க்ரோமில் திறந்திருக்கும் இன்கக்னிட்டோ சன்னல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குக்கிப் பெட்டி. மூன்று பேர் என்றால் மூன்று ப்ரொஃபைல், அல்லது மூன்று வெவ்வேறு பிரவுசர். கலந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, கடைசியாகச் சமர்ப்பிக்கும் முன் முதல் டேப்பில் பக்கத்தைப் புதுப்பித்து, மேலே யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். புதுப்பிக்காமல் பார்த்தால் பழைய படம்தான் தெரியும். சில தளங்களில் விண்ணப்பத்தின் நடுப்பக்கத்தைப் புதுப்பித்தால் ஆரம்பத்துக்கே தள்ளிவிடும், அங்கே தட்டியதைச் சேமித்துவிட்டு முகப்புப் பக்கத்தை ஒரு புது டேப்பில் திறந்து பார்ப்பது பாதுகாப்பு.

சரி, மண்டிக்குத் திரும்புகிறேன். இந்த இடத்தில் நான் ஒரு தவறான திருத்தம் செய்தேன். ஒரு பெயரில் ஒரு இடத்தில் மட்டும்தான் உள்ளே இருக்கலாம் என்று வைத்துவிட்டால் எல்லாக் கலப்பும் போய்விடும் என்று தோன்றியது. பயனர் டேபிளில் ஒரு டோக்கன் வைத்து, ஒவ்வொரு லாகினிலும் அதைப் புதிதாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் செஷனில் இருப்பதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் வெளியே அனுப்புவது. பல தளங்கள் இதைத்தான் செய்கின்றன, போனில் உள்ளே போனதும் கணினியில் வெளியே தள்ளுவது இதனால்தான்.

எடைமேடையில் நிற்கும் தம்பியிடம் ஒரு போன் இருக்கிறது, அவனும் அலுவலகக் கணினியும் ஒரே பெயரில் லாகின். அவன் போனில் உள்ளே வந்ததும் அலுவலகம் வெளியே போனது. கணக்குப்பிள்ளை திரும்ப உள்ளே வந்ததும் அவன் வெளியே போனான். இருவருக்கும் நடுவே நூறு அடி தூரம், வண்டிகளின் சத்தம், ஒருவரை ஒருவர் வெளியே தள்ளுகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. நெட் போகிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப லாகின் செய்துகொண்டே இருந்தார்கள். லாகின் நேரங்களை வரிசையாகப் பார்த்தால் போன், கணினி, போன், கணினி என்று மாறி மாறி வந்தது, அந்த மாதிரி வரிசையைப் பார்த்தால் நெட்டைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அன்று மாலையே அதை எடுத்துவிட்டேன். எடைமேடைத் தம்பிக்குத் தனிப் பெயர் கொடுத்தேன், அது முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியது.

அதோடு முக்கியமான விஷயம், அந்தக் கட்டுப்பாடு டேப் கலப்பை நிறுத்தவே நிறுத்தாது. இரண்டு டேப்பும் ஒரே டோக்கன் வைத்திருப்பதால் அந்தச் சோதனையில் இரண்டுமே தேறிவிடும்.

இப்போது போனும் கணினியும் வேறு வேறு பெயர், வேறு வேறு செஷன், லாட் எண் படிவத்திலேயே இருக்கிறது. இனி கலக்க வழியே இல்லை என்று நானும் நம்பினேன். மூன்றாம் நாள் லாட் 240-இல் வேறு ஒன்று வந்தது: நிகர எடை 6,420 கிலோ என்று பில். அந்த அளவு வண்டியில் அவ்வளவு மாங்காய் ஏறாது. மொத்த எடையும் 6,420, நிகர எடையும் 6,420, காலி வண்டி எடை சுழியம். காலி வண்டியை எடை போட்டு 2,580 என்று போனில் ஏற்றியதாகத் தம்பி சொல்கிறான், பதிவிலும் அவன் சேமித்தது இருக்கிறது. பில் 3,840-க்கு வந்திருக்க வேண்டும், சந்தூர்க்காரர் லாட்டில் வந்த அதே எண். தற்செயல்தான், ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் பழைய கோளாறு திரும்பிவிட்டதோ என்று ஒரு மணி நேரம் தவறான இடத்தில் தேடினேன்.

உண்மையில் இங்கே செஷன் கலக்கவே இல்லை. பதிவின் இடது ஓரத்தில் இரண்டு வேறு வேறு எண்கள் இருந்தன. நேரத்தை வரிசைப்படுத்தியதும் தெரிந்தது. 10:02-க்கு அலுவலகத்தில் 240-ஐத் திறந்திருக்கிறார்கள், அப்போது காலி எடை இன்னும் போடவில்லை, படிவத்தில் அந்தக் கட்டத்தில் 0 என்று வந்தது. 10:06-க்குப் போனில் 2,580 சேமிக்கப்பட்டது. 10:09-க்கு அலுவலகத்தில் ரேட்டும் கழிவும் போட்டுச் சேமித்தார்கள். அந்தப் படிவம் ரேட்டை மட்டும் அனுப்பவில்லை, லாட்டின் எல்லாக் கட்டங்களையும் அனுப்பியது, 10:02-இல் வாங்கிவைத்த அந்தப் பழைய 0 உட்பட. என் `UPDATE` எல்லாவற்றையும் எழுதியது. 2,580 அழிந்தது.

யாரும் யாருடைய லாட்டையும் தொடவில்லை, இருவரும் சரியான லாட்டில் சரியான வேலை செய்தார்கள், இருந்தாலும் ஒருவர் எழுதியது போய்விட்டது. முதல் கோளாறுக்கும் இதற்கும் அறிகுறியிலேயே வித்தியாசம் உண்டு. செஷன் கலந்தால் ஒருவருடையது இன்னொருவரிடம் போய் நிற்கும், தேடினால் வேறு வரியில் கிடைக்கும். இங்கே எண் எங்கேயும் போகவில்லை, அதே வரியில் பழைய மதிப்புக்குத் திரும்பியிருக்கும். இது ஒரே பிரவுசரில், ஒரே லாட்டை இரண்டு டேப்பில் திறந்தாலும் வரும்.

இரண்டு வேலை செய்தேன். முதலாவது, எடைமேடைப் பக்கம் எடைக் கட்டங்களை மட்டும் எழுதும், அலுவலகப் பக்கம் ரேட்டும் கழிவும் மட்டும் எழுதும். யாருக்கு எது வேலையோ அது மட்டும். இதிலேயே பெரும்பாலானது நின்றுவிடும், ஆனால் முழுவதும் அல்ல. காலி எடை தெரியாமலே அலுவலகத்தில் ரேட் போட்டுப் பில் அடித்துவிடலாம், அல்லது இரண்டு பேர் ஒரே நேரத்தில் கழிவை மாற்றலாம். அதனால் இரண்டாவது, லாட் டேபிளில் `version` என்று ஒரு எண் கட்டம். லாட் ஒவ்வொரு தடவை மாறும்போதும் அது ஒன்று கூடும். படிவம் திறக்கும்போது அப்போதைய எண்ணை மறைவாக எடுத்துவைத்துக்கொள்ளும். சேமிக்கும்போது:

```sql
UPDATE lots SET rate = ?, waste = ?, version = version + 1
WHERE id = ? AND version = ?
```

நடுவில் யாரும் தொடவில்லை என்றால் எண் பொருந்தும், ஒரு வரி மாறும். யாராவது தொட்டிருந்தால் பொருந்தாது, ஒரு வரியும் மாறாது, `rowCount()` சுழியம் கொடுக்கும். அப்போது பில்லுக்குப் போகாமல் ஒப்பீட்டுப் பக்கத்துக்குப் போகிறது. இங்கே ஒரு கண்ணி: மைஎஸ்க்யூஎல்லில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே திரும்ப எழுதினால், வரி பொருந்தியிருந்தாலும் `rowCount()` வழக்கமாகச் சுழியம்தான் சொல்லும், மாறியதை மட்டும் எண்ணும். `version = version + 1` எப்போதும் மாறுவதால் இந்த இடத்தில் அந்தக் குழப்பம் வராது. அதை விட்டுவிட்டு நேரத்தை வைத்து ஒப்பிட்டால், ஒரே விநாடியில் இரண்டு சேமிப்பு வந்தால் ஏமாறும், அதனால்தான் எண்.

முதலில் சரிபார்த்துவிட்டு பிறகு எழுதலாமே என்று `SELECT` செய்து `version` பார்த்து, சரியென்றால் `UPDATE` என்று இரண்டு படியாக எழுதாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் மற்றவர் புகுந்துவிடுவார். சோதனையும் எழுத்தும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பீட்டுப் பக்கத்தில் என்ன காட்டுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. முதலில் "தகவல் மாறிவிட்டது, மீண்டும் முயலவும்" என்று மட்டும் வைத்திருந்தேன். கணக்குப்பிள்ளை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்ன மாறியது, யார் மாற்றினார், எத்தனை மணிக்கு, நீங்கள் தட்டியது என்ன, இப்போது உள்ளே இருப்பது என்ன, இதெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால்தான் அவரால் முடிவெடுக்க முடியும். இப்போது இடதுபக்கம் அவர் தட்டியது, வலதுபக்கம் இருப்பது, வித்தியாசமான கட்டம் மஞ்சளில், கீழே "புதிய எடையோடு என் ரேட்டைச் சேமி" என்று ஒரு பொத்தான். அந்தப் பொத்தானும் புது `version` எண்ணோடுதான் போகும், கண்ணை மூடிக்கொண்டு எழுதாது.

இடையில் ஒரு சின்ன விஷயமும் சரியானது. மாலையில் அன்றைய மொத்த அறிக்கையைத் திறந்தால் இருபது விநாடி பிடிக்கும், அந்த இருபது விநாடியும் மற்ற டேப்புகள் எல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கும் என்று வெகுநாளாகப் புகார். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது செஷன் பூட்டு. பிஎச்பி செஷன் கோப்பைத் திறந்ததும் பூட்டிவிடும், பக்கம் முடியும்வரை அதே செஷனின் அடுத்த பக்கம் வாசலில் காத்திருக்கும். அதே நேரத்தில் போனில் உடனே திறக்கிறது, அலுவலகக் கணினியில் மட்டும் நிற்கிறது என்றால் இதுதான். அறிக்கைப் பக்கத்தில் யார் லாகின் என்று பார்த்து முடித்த உடனே `session_write_close();` என்று ஒரு வரி, டேப்புகள் நிற்பது நின்றுவிட்டது. அதன் பிறகு அந்தப் பக்கத்தில் `$_SESSION`-இல் எதையாவது எழுதினால் அது சேமிக்கப்படாது, பிழையும் வராது, அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் ஏற்றி ஒன்பது நாள் ஆகிறது. அதில் ஒப்பீட்டுப் பக்கம் நான்கு தடவை வந்திருக்கிறது. மூன்று தடவை போனும் கணினியும் ஒரே லாட்டில் இருந்தபோது. நான்காவதில் வேறு யாருமே இல்லை, கணக்குப்பிள்ளை சேமித்துவிட்டு, கழிவைத் தப்பாகப் போட்டோமே என்று பிரவுசரின் பின் பொத்தானை அழுத்தித் திருத்திச் சேமித்திருக்கிறார். பின்னே போனால் பழைய படிவம் பழைய `version` எண்ணோடு வரும், அதனால் அவரோடு அவரே மோதினார். பக்கத்தில் "10:41-க்கு நீங்கள் மாற்றியது" என்று அவர் பெயரே வந்ததும், "என்னய்யா, நானே எனக்குக் குறுக்கே நிக்கிறேனா" என்று கேட்டார். படிவப் பக்கத்துக்கு `Cache-Control: no-store` அனுப்பி, பின்னே போனாலும் புதிதாக எடுக்கும்படி நேற்று மாற்றியிருக்கிறேன். இன்று காலை அவரையே பின் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பார்த்தேன், லாட் 311-இல், படிவம் புது எண்ணோடு வந்தது, கழிவு ஒரே தடவையில் மாறியது.